பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பநிலை: மாணவர் மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்டும் போஸ்டரும் தயாரிப்பது எப்படி

முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் "பச்சிளங்குழந்தைகளில் வெப்பச் சமநிலை" என்று தலைப்பு வைத்துவிட்டு, பழுப்புக் கொழுப்பிலிருந்து இன்குபேட்டர் வரை எல்லாவற்றையும் போஸ்டரில் ஒட்டிவிடுகிறார்கள். அது பாடநூல் அத்தியாயம்தானே. மாநாட்டுக்குத் தேவை ஒரே ஒரு கேள்வி, அதற்கு உங்கள் வார்டு தரும் பதில்.

படி 1: கேள்வி. மாணவர் செய்து முடிக்கக்கூடிய அளவில் இதை எடுத்துக்கொள்வோம்: லேபர் வார்டில் பிறந்து பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்க்கப்படும்போது எத்தனை குழந்தைகளின் வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 36.5 முதல் 37.5 வரை இயல்பு, 36.0 முதல் 36.4 வரை லேசான குளிர்ச்சி, 32.0 முதல் 35.9 வரை மிதமானது, 32-க்குக் கீழே கடுமையானது. வரையறை கையில் இருப்பதால் நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். வெளி மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்த குழந்தைகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது வேறு கதை.

படி 2: தரவு. பதிவேட்டை மட்டும்தான் பார்க்கப்போகிறோம் என்றாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள். அப்புறம் பதிவேட்டைச் சந்தேகத்தோடு படியுங்கள். சில பக்கங்களில் ஃபாரன்ஹீட் இருக்கும் (36.5 என்பது 97.7). அக்குளில் எடுத்ததா, தோலில் ஒட்டிய புரோப் காட்டியதா என்று பாருங்கள், இரண்டையும் ஒரே பத்தியில் கலக்கக்கூடாது. வரிசையாக 36.5, 36.5, 37.0 என்றே வந்தால் யாரோ தோராயமாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாதாரண தெர்மாமீட்டர்கள் பல 35-க்குக் கீழே காட்டாது, ஆகவே "35" என்று அடிக்கடி வந்தால் நிஜத்தில் அந்தக் குழந்தை அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். இதை வரம்பாகப் போஸ்டரில் எழுதத்தான் வேண்டும்.

படி 3: கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சராசரியை மட்டும் போட்டால் 36.6 என்று வந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். வார்மரில் அதிகச் சூடாகிவிட்ட சில குழந்தைகள் சராசரியை மேலே இழுத்து, குளிர்ந்தவர்களை மறைத்துவிடுவார்கள். அதனால் எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டுக்காக நான் வைக்கும் எண்கள் இவை: 80 குழந்தைகளில் 32 பேர் 36.5-க்குக் கீழே, அதில் 22 லேசானது, 10 மிதமானது, கடுமையானது எதுவும் இல்லை. அதாவது 40 சதவீதம். 80 பேர் சிறிய எண்ணிக்கை என்பதால் 95% நம்பக இடைவெளி ஏறத்தாழ 29 முதல் 51 வரை விரிகிறது, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 4: அப்ஸ்ட்ராக்ட். வார்த்தை வரம்பு பல இடங்களில் 250, உங்கள் மாநாட்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவுகள் பகுதியை முதலில் எழுதி, மற்றதை அதைச் சுற்றிக் கட்டுவது சுலபம். பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். முடிவுகள் இப்படி வரலாம்:

"பிரிவில் சேர்க்கப்பட்ட 80 குழந்தைகளில் 32 பேருக்கு (40%, 95% நம்பக இடைவெளி 29–51) அக்குள் வெப்பநிலை 36.5 டிகிரிக்குக் கீழே இருந்தது. இவர்களில் 10 பேருக்கு அது 36.0-க்கும் கீழே இருந்தது."

"குழந்தைகள் பலர் குளிர்ந்திருந்தனர்" என்று எழுதினால் தேர்வுக்குழு அடுத்த தாளைப் புரட்டிவிடும். முடிவுரையில் "துடைப்பதைத் தாமதித்ததே காரணம்" என்று எழுத ஆசை வரும், வேண்டாம். நீங்கள் துடைத்த நேரத்தை அளக்கவே இல்லை. "லேபர் வார்டிலிருந்து மாற்றும் கட்டத்தில் குளிர்ச்சி அடிக்கடி காணப்படுகிறது, அந்த இடைவெளியை ஆராய வேண்டும்" என்ற அளவுக்குத்தான் தரவு அனுமதிக்கிறது.

படி 5: போஸ்டர். A0 என்றால் 84.1 × 118.9 செ.மீ. PowerPoint-இல் Design > Slide Size > Custom Slide Size போய் இந்த அளவை எல்லாவற்றுக்கும் முன்பே வைத்துவிடுங்கள், கடைசியில் மாற்றினால் படமெல்லாம் இழுபட்டுப் போகும். நடுவில் ஒரே ஒரு பெரிய வரைபடம் போதும்: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி, 36.5-இல் ஒரு தடித்த கோடு. அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள், 34 முதல் 38.5 வரை வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும் (உங்கள் புள்ளிகள் அதற்கு வெளியே போனால் நீட்டிக்கொள்ளுங்கள்). தலைப்பு 85 புள்ளிக்குக் குறையாமல், உள் எழுத்து 28 அளவில் இருக்கட்டும். குழந்தையின் புகைப்படம் வேண்டவே வேண்டாம், அழகாக இருக்கும் என்று பலர் சேர்க்கிறார்கள்.

பழுப்புக் கொழுப்பு, ஆவியாதல், கடத்தல், சலனம், கதிர்வீச்சு எல்லாம் போஸ்டரில் இடம்பெறத் தேவையில்லை, ஆனால் உங்கள் நாக்கில் இருக்க வேண்டும். "பிறந்தவுடன் வெப்பம் எப்படிப் போகிறது?" என்று நடுவர் கேட்டால், ஈரமான தோலிலிருந்து ஆவியாவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி பெரும்பாலும் லேபர் வார்டின் அறை வெப்பநிலை பற்றி இருக்கும், உலக சுகாதார நிறுவனம் 25 முதல் 28 டிகிரி சொல்கிறது. உங்கள் அறையில் எவ்வளவு என்று போகும்முன் ஒருமுறை அளந்துகொண்டு போங்கள்.