உயரத்தை மட்டும் அளந்தால் போதாது: கிறிஸ்துமஸ் மரம், விளக்கு, மாலை

கடையின் கூரை உயரமாக இருப்பதால், அங்கே பார்க்கும் மரம் எப்போதும் சின்னதாகவே தெரியும். அதை நம்பிப் பெரியதை வாங்கினால், வீட்டில் அதன் உச்சி கூரையில் மடங்கி நிற்கும். உச்சியை வெட்டினால் நட்சத்திரம் செருகக் குச்சி இருக்காது, மரமும் மொட்டையாகத் தெரியும்.

9 அடிக் கூரையை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரத்துக்கு 10 அங்குலம், அதற்கு மேல் காலியிடம் குறைந்தது 6 அங்குலம், ஸ்டாண்டுக்கு 4 அங்குலம் கழித்தால் மிஞ்சுவது 7 அடி 4 அங்குலம். ஆகவே 7 அடி மரம் போதும். செயற்கை மரம் என்றால் ஸ்டாண்டையும் சேர்த்துத்தான் உயரம் போட்டிருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். மரம் நிற்கும் இடத்துக்கு மேலே விளக்கோ விசிறியோ தொங்கினால், அதன் அடி நுனியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது அகலத்தில். வாங்கும் முன் மரத்தின் அடி அகலத்துக்குத் தரையில் பழைய செய்தித்தாள்களை வட்டமாகப் பரப்பி, சுற்றி நடந்து பாருங்கள். நடக்க 2 அடியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் உயரத்தைக் குறைக்க வேண்டியதில்லை, அதே உயரத்தில் ஒல்லியான மரம் எடுக்கலாம்.

அகலம் மாறினால் மாலையின் நீளமும் மாறும். 7 அடி மரத்தில் கிளைகள் இருப்பது சுமார் 6 அடி. அடி அகலம் 4 அடி என்றால், மேலே போகப் போகக் குறுகுவதால் சராசரி அகலம் 2 அடி, ஒரு சுற்றுக்குச் சுமார் 6.3 அடி. ஓர் அடிக்கு ஒரு சுற்று வீதம் 6 சுற்றுக்கு 38 அடி வரும். சுற்றுக்கு நடுவே மாலை தொய்ந்து தொங்கவும் வேண்டுமே, அதனால் 45 அடி வாங்குங்கள். அடி அகலம் இரண்டரை அடியே உள்ள ஒல்லி மரத்துக்கு இதே கணக்கில் 24 அடி, தொய்வோடு 28 அடி போதும். உயரத்தை மட்டும் சொல்லி வாங்குபவருக்கு மாலை பாதியில் தீர்ந்துபோவதும் குவிந்து மிஞ்சுவதும் இதனால்தான்.

சீரியல் லைட்டுக்கும் இதே நியாயம். ஓர் அடி உயரத்துக்கு 100 பல்பு என்ற பழைய கணக்கு அகன்ற மரத்துக்கானது. 7 அடிக்கு 700. ஒல்லி மரத்துக்கு 400 முதல் 450 வரை போதும், அதற்கு மேல் போனால் இலையை விட வயர்தான் கண்ணில் படும். எண்ணிக்கை சரியாக இருந்தும் மரம் தட்டையாகத் தெரிந்தால், பல்பெல்லாம் கிளை நுனியிலேயே இருக்கிறது என்று பொருள். சரத்தைத் தண்டு வரை உள்ளே கொண்டுபோய், திரும்ப நுனிக்குக் கொண்டுவாருங்கள்.

சுவர்த் தோரணத்தில் தவறு வேறு மாதிரி. வளைவுகள் நீளத்தை நிறையத் தின்னும் என்று நினைத்து இரு மடங்கு வாங்கிவிடுகிறார்கள். 12 அடிச் சுவரில் மூன்று வளைவு, ஒவ்வொன்றும் ஓர் அடி தொங்கினாலும், தேவை சுமார் 14 அடிதான். நீளத்தை உண்மையில் தின்பது இரு ஓரத்திலும் தொங்கவிடும் வால்கள்: பக்கத்துக்கு 2 அடி என்றால் மொத்தம் 18 அடி.