ஓடி முடித்த பிறகு வரும் இருமல்: பீக் ஃப்ளோ மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

என் அக்கா மகளுக்கு 14 வயது, கோவையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் 1500 மீட்டர் ஓடுகிறாள். மார்கழி, தை மாதக் காலைப் பயிற்சிகளில் இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஸ்டாமினா பத்தவில்லை என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவளிடம் கேட்டபோது வந்த பதில் வேறு மாதிரி இருந்தது: "ஓடும்போது பெருசா ஒண்ணும் இல்ல சித்தி, நின்னப்புறம்தான் நெஞ்சை இறுக்குது, அப்புறம் விசில் மாதிரி சத்தம் வருது."

இந்த 'நின்னப்புறம்' முக்கியமான தடயம். ஸ்டாமினா இல்லாத பிள்ளைக்கு ஓடும்போது மூச்சு வாங்கும், நின்ற சில நிமிடங்களில் அடங்கிவிடும். உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிற பிள்ளைக்கு ஓட்டம் முடிந்து 5 முதல் 10 நிமிடத்தில்தான் தொல்லை உச்சத்துக்குப் போகும், பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே குறையும். அதனால்தான் டாக்டரிடம் கூட்டிப்போகும் நேரத்தில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் எதுவும் கேட்பதில்லை, வீட்டுக்கு வெறும் இருமல் சிரப்போடு திரும்பி வருகிறோம். அந்தச் சில நிமிடங்களை பீக் ஃப்ளோ மீட்டர் என்ற ஊதும் கருவியால் எப்படி எண்ணாகப் பிடித்து டாக்டரிடம் காட்டுவது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்றுதான் உள்ளே போய் வருகிறது. மூக்கு அதை நிதானமாகச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பிவிடும். வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டிவிடும், மூக்கால் அவ்வளவும் இழுக்க முடியாது, வாய் திறந்துவிடும். அப்போது காற்றை ஈரமாக்கும் வேலை நெஞ்சுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் தலையில் விழுகிறது.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நுரையீரலின் ஆழத்தில் 37 டிகிரி சூட்டில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 44 கிராம் நீராவி இருக்கும். கோவையின் குளிர்காலக் காலையில், 20 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றாலும், வெளிக்காற்றில் இருப்பது 14 கிராம் போலத்தான். மீதி 30 கிராமை மூச்சுக்குழாயின் உட்சுவர் தரவேண்டும். சென்னையில் நல்ல புழுக்கமான நாளில்கூட 30 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்தால் சுமார் 21 கிராம்தான், அதாவது பாதிக்கும் குறைவு. ஆகவே "எங்க ஊர்ல குளிரே இல்லையே, இது எப்படி வரும்" என்ற கேள்விக்கு இதுதான் பதில். குளிர்ந்த, வறண்ட காற்றில் அதிகம், புழுக்கத்தில் குறைவு, ஆனால் எந்த ஊரிலும் வரலாம்.

வீசுகிற காற்றில் ஈரத்துணி காய்வது போல, உட்சுவரின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் காய்கிறது. தண்ணீர் போய்விடுவதால் மிச்சமிருக்கும் படலத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. ஏற்கெனவே அலர்ஜியால் கொஞ்சம் வீங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய் என்றால், அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் இந்த மாற்றத்தால் தூண்டப்பட்டு ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உட்சுவர் இன்னும் வீங்குகிறது, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வெளியேறும் சத்தம்தான் அந்த விசில்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை ஏன் தாக்குப்பிடிக்கிறது என்றால், ஆழமான மூச்சுகள் குழாயை இழுத்து விரித்துக்கொண்டே இருக்கின்றன. நின்றவுடன் அந்த விரிப்பு போய்விடுகிறது, சுருக்கம் மட்டும் மிஞ்சுகிறது.

படி 1: அளப்பதற்கு முன்

ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தாலோ, வீட்டில் இளம் வயதில் யாராவது திடீரென்று இதயப் பிரச்சினையால் இறந்திருந்தாலோ இந்தச் சோதனைக்கே போகாதீர்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள், இதயத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஏற்கெனவே வீசிங் இருக்கும் நாளிலும், சளி பிடித்திருக்கும் நாளிலும் வேண்டாம். மோசமான வீசிங் வந்த வரலாறு இருந்தால் இது மருத்துவமனையில் செய்யவேண்டிய சோதனை.

மற்றவர்களும் ஒரு முறை டாக்டரிடம் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளை வழக்கமாக ஓடும் பயிற்சியிலேயே அளந்தால் போதும். இதற்கென்று தனியாக விரட்டி ஓடவைக்க வேண்டாம்.

படி 2: ஊதப் பழகுங்கள்

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே நகரும் முள்ளும் எண்களும் இருக்கும். முள்ளைக் கீழே கொண்டுவந்து, நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயில் வைத்து உதடுகளால் இறுக்கி மூடி, ஒரே வீச்சில் பட்டென்று ஊதவேண்டும். நீளமாக ஊதத் தேவையில்லை, முதல் வேகம்தான் கணக்கு. மூன்று முறை ஊதி, அதில் அதிகமான எண்ணை எழுதுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருந்தால் ஊதும் முறை இன்னும் படியவில்லை என்று பொருள். அதனால் ஓடாத நாட்களில் சில நாள் பழகவிட்டு அப்புறம் மைதானத்துக்கு எடுத்துப் போங்கள். உதட்டோரம் காற்று கசிவதும், துப்புவது போல நாக்கால் தள்ளுவதும் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறுகள்.

படி 3: மைதானத்தில்

வார்ம்-அப்புக்கு முன்னாடி ஓர் அளவு. பிறகு 6 முதல் 8 நிமிடம், பேச முடியாத அளவு மூச்சு வாங்கும் வேகத்தில் ஓட்டம். 100 மீட்டர் மாதிரி குட்டி ஓட்டத்தில் இது பெரும்பாலும் வெளியே வராது, படலம் காய நேரம் வேண்டும். நின்ற பிறகு 1, 5, 10, 15, 30 ஆவது நிமிடங்களில் அளங்கள். நடுவில் இளைப்பு கூடினால் அளப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணின் எண்கள் இப்படி இருந்தன: ஓடும் முன் நிமிடத்துக்கு 360 லிட்டர். நின்ற 1 நிமிடத்தில் 350, அதாவது ஒன்றுமே இல்லாதது மாதிரி. 5 நிமிடத்தில் 300. 10 நிமிடத்தில் 280. 15 இல் 290, 30 இல் 330. மிகக் குறைந்த எண்ணை ஆரம்ப எண்ணிலிருந்து கழித்தால் 80, அதை 360 ஆல் வகுத்தால் 22 சதவீதம் வீழ்ச்சி. பிள்ளைகளுக்குப் பீக் ஃப்ளோவில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. நின்றவுடன் ஒரே ஒரு முறை அளந்திருந்தால் 350 ஐப் பார்த்து எல்லாம் சரி என்று கிளம்பியிருப்போம்.

இந்த மீட்டர் தோராயமான கருவிதான். பிள்ளை சோர்ந்துபோய் மெதுவாக ஊதினாலும் எண் விழும். ஆகவே இதை வைத்து நீங்களே மருந்து வாங்கிவிடாதீர்கள். தாளை டாக்டரிடம் காட்டினால் ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் சோதனை எடுத்து உறுதி செய்வார்.

எண் விழவில்லை, ஆனாலும் சத்தம் வருகிறது என்றால்

சத்தம் எங்கிருந்து, எப்போது வருகிறது என்று கவனியுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து கரகரவென்று வந்து, ஓட்டத்தின் உச்சத்தில் தொடங்கி, நின்ற சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் அது நெஞ்சின் பிரச்சினை இல்லை, குரல்வளை குறுகுவதாக இருக்கலாம். வளரிளம் பெண்களிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. இதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது, மூச்சுப் பயிற்சிதான் வழி. இன்ஹேலர் கொடுத்தும் கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது இதுதான்.

படி 4: டாக்டர் என்ன தருவார், அதை எப்படிப் பயன்படுத்துவது

வழக்கமாகச் சொல்வது, ஓடுவதற்கு 15 நிமிடம் முன்பு சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் 2 பஃப், இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கும் ஸ்பேசர் என்ற குழல் வழியாக. தசையைத் தளர்த்தும் மருந்து இது, பாதுகாப்பு 2 முதல் 4 மணி நேரம். இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 எண்ணும்வரை மூச்சைப் பிடித்து, அப்புறம் அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும்.

"இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது, சால்பியூட்டமால் போதை தராது. ஆனால் தினமும் அதை மட்டுமே எடுத்தால் ஓட்டத்துக்கு அது தரும் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும், உள்ளிருக்கும் வீக்கமும் அப்படியே கிடக்கும். வாரத்தில் பல நாள் ஓடும் பிள்ளைக்கும், இரவில் இருமல் வரும் பிள்ளைக்கும் வீக்கத்தைக் குறைக்கும் பியூடெசொனைட் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவைப்படும். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினாவும், ஆஸ்துமா உள்ள 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகத் தரவேண்டாம் என்றே சொல்கிறது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கும் சிகிச்சை வாங்குங்கள், மூக்கு அடைத்த பிள்ளை மெதுவாக ஓடும்போதே வாயால்தான் மூச்சு விடும்.

படி 5: வார்ம்-அப்

மருந்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் விஷயம் இது. 10, 15 நிமிட வார்ம்-அப்பில் 30 நொடி வேக ஓட்டம், பிறகு நடை, மறுபடி 30 நொடி என்று மாற்றி மாற்றிச் செய்தால், பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் சுருங்காது. எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை, பாதிப் பேருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து நிற்கும் விடியற்காலையில் பயிற்சியை மாலைக்கு மாற்றச் சொல்லி பி.டி. சாரிடம் கேட்பதில் தவறே இல்லை.

மருந்து ஆரம்பித்த பிறகு அதே மைதானத்தில் மறுபடி அளந்தோம். ஓடும் முன் 370, மிகக் குறைந்தது 350. வீழ்ச்சி 5 சதவீதம்தான், இருமலும் இல்லை. இதே போல அளந்தும் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தால், முதலில் இன்ஹேலர் எடுக்கும் முறையை டாக்டர் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மைதானத்தில் வீசிங் வந்துவிட்டால்

ஓட்டத்தை உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து (படுக்கவைக்க வேண்டாம்), டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக, 4 பஃப்வரை கொடுங்கள். 20 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி 4 பஃப் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 20 நிமிடம் காத்திருக்காமல் 108 ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை பஃப் தொடரட்டும். இன்ஹேலரும் ஸ்பேசரும் வகுப்பறைப் பையில் கிடந்தால் பயனில்லை, மைதானத்துக்கு வரும் பையில் இருக்கவேண்டும், எந்த ஜிப்பில் இருக்கிறது என்று பி.டி. சாருக்கும் கூட ஓடும் ஒரு தோழிக்கும் தெரிந்திருக்கவேண்டும்.