கடையைத் திறக்கும் முதல் ஆளுக்கு: ஷட்டர் பூட்டிலிருந்து முதல் போணி வரை

காலை 7 மணிக்கு வியாபாரம் தொடங்கும் ஒரு நடுத்தர மளிகை சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பில்லிங் கவுண்டர்கள், பாலும் தயிரும் வைக்கும் ஒரு கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி, ஓர் ஐஸ்கிரீம் ஃப்ரீசர், காய்கறி நிறுக்க ஒரு மின்னணுத் தராசு ஆகியவை உள்ள கடை அது. சாவியோடு முதலில் வருபவர் 6.15-க்கு அங்கே இருந்தால் எல்லா வேலையையும் பதறாமல் முடித்துவிடலாம்.

வேலைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் உள்ளே நுழைந்ததும் துடைப்பத்தைத்தான் எடுக்கிறார்கள். தரையைப் பத்து நிமிடம் தாமதமாகப் பெருக்கினால் நட்டம் ஏதும் இல்லை. வாசலில் இறக்கி வைத்திருக்கும் பாலும், இரவில் நின்றுபோயிருக்கக்கூடிய ஃப்ரீசரும் அப்படிப்பட்டவை அல்ல. அதனால் நேரம் போகப்போகக் கெடுவதை முதலில் கவனிக்க வேண்டும் என்ற கணக்கில்தான் கீழே உள்ள வரிசை அமைந்திருக்கிறது.

ஷட்டரும் வாசலும்

பூட்டில் கை வைப்பதற்கு முன், இரண்டு பக்கப் பூட்டுகளிலும் கீறலோ நெளிவோ இருக்கிறதா, ஷட்டரின் அடிப்பட்டை தரையோடு ஒட்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு உடைந்திருந்தால் எதையும் தொடாமல், உள்ளே போகாமல், சற்றுத் தள்ளி நின்று முதலாளியை அழையுங்கள். உள்ளே யாராவது இருக்கக்கூடும், தடயமும் அழியக்கூடும். எல்லாம் சரியாக இருந்தால் ஷட்டரைப் பாதி மட்டும் ஏற்றுங்கள். முழுதாக ஏற்றிவிட்டால் ஒரு பாக்கெட் பாலுக்காக யாராவது உள்ளே வந்துவிடுவார்கள், நீங்களும் பில் போட முடியாமல் திண்டாடுவீர்கள்.

குளிர்பெட்டியும் ஃப்ரீசரும்

விளக்கைப் போட்டவுடன் நேராக இங்கே வாருங்கள். இரவு முழுதும் மூடியிருந்த பெட்டியின் வெப்பநிலைதான் உண்மையைச் சொல்லும் என்பதால், கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே தெரியும் எண்ணைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். பால், தயிர், பன்னீர் இருக்கும் பெட்டி 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. ஐஸ்கிரீம் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்க வேண்டும். எண் சற்று ஏறியிருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. பெட்டி தானாகப் பனியை உருக்கிக்கொள்ளும் நேரத்தில் சிறிது நேரம் அப்படிக் காட்டுவது உண்டு. அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் எண் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த எண்ணை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவில் நான்கைந்து மணி நேரம் மின்சாரம் போய், விடியும் முன் திரும்ப வந்திருந்தால், நீங்கள் வரும் நேரத்துக்குள் பெட்டி மீண்டும் குளிர்ந்து சரியான எண்ணையே காட்டக்கூடும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு சிறிய டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஃப்ரீசரின் மூலையில் நிரந்தரமாக விட்டுவிடுங்கள். காலையில் நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை என்று பொருள். நாணயம் பாதியிலோ அடியிலோ உறைந்து கிடந்தால், இடையில் தண்ணீர் ஆகும் அளவுக்குப் பெட்டி சூடாகி, பிறகு மறுபடி உறைந்திருக்கிறது.

ஒரு நாள் நாணயம் டம்ளரின் அடியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீசரின் எண் மைனஸ் 17 காட்டுகிறது. கப் ஐஸ்கிரீமை எடுத்துப் பார்த்தால் மூடி ஒரு பக்கம் உப்பியிருக்கும் அல்லது மூடியின் ஓரத்தில் வழிந்து காய்ந்த தடம் இருக்கும். குச்சி ஐஸ்கிரீம் உறைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டையாகியிருக்கும். உருகி மறுபடி உறைந்ததை விற்கக்கூடாது. அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் தனியே எடுத்து, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டி, படம் எடுத்து மேலாளருக்கு அனுப்புங்கள். அவர் சொல்லாமல் தூக்கி எறிய வேண்டாம், விநியோகிப்பவரிடம் கணக்குக் காட்ட அவை தேவைப்படலாம். அதே இரவில் பால் பெட்டியும் நின்றிருக்கும் என்பதால், நேற்றைய பாலையும் பன்னீரையும் அதே சந்தேகத்தோடு விற்பனையிலிருந்து விலக்கி வையுங்கள்.

பெட்டி இப்போதும் ஓடாமல் இருந்தால், பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா, ஸ்டெபிலைசரில் விளக்கு எரிகிறதா, மின்பலகையில் அதற்குரிய டிரிப்பர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த டிரிப்பரை ஒரு முறை ஏற்றலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றுவது கம்ப்ரசருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

வந்திறங்கிய பால்

குளிர்பெட்டி நன்றாக இருப்பது தெரிந்த பிறகுதான் பால் டிரேக்களை உள்ளே கொண்டுவர வேண்டும். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறம் வாரியாக எண்ணி, ரசீதில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, தேதியைப் பார்த்து, கசியும் பாக்கெட்டுகளைத் தனியே வையுங்கள். டிரேயின் அடியில் பால் தேங்கியிருந்தால் எங்கோ ஒரு பாக்கெட் ஓட்டையாக இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுக்கினால் மதியத்துக்குள் பெட்டி முழுதும் புளித்த வாடை வீசும். நேற்று மிஞ்சியவற்றில் தேதி தாண்டாதவற்றை முன்னாலும் புதியவற்றைப் பின்னாலும் வைத்து, பின்சுவரில் காற்று வரும் துளைகளை மறைக்காமல் அடுக்க வேண்டும்.

சுற்றிப் பார்ப்பதும் பெருக்குவதும்

பெருக்குவதற்கு முன் ஒரு முறை எல்லா வரிசைகளிலும் நடந்து பாருங்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட் அடுக்குகளின் அடித்தட்டில் எலிப்புழுக்கையோ கடித்த பாக்கெட்டோ இருந்தால், துடைப்பம் பட்ட பிறகு அது எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடும். பிறகு பெருக்கி, துடைத்து, வாசல் தெளித்துக் கோலம் போடலாம். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும் வழக்கம் இருந்தால், அட்டைப்பெட்டிகளுக்கு அருகில் ஏற்றாதீர்கள்.

கல்லா, தராசு, ஸ்கேன் அட்டை

பணத்தை எண்ணும்போது ஷட்டர் பாதியிலேயே இருக்கட்டும். ஒரு கவுண்டருக்குச் சில்லறை இருப்பு 3,000 ரூபாய் என்றால், அது இப்படி இருப்பது வசதி: 100 ரூபாய் 10, 50 ரூபாய் 16, 20 ரூபாய் 25, 10 ரூபாய் 50, ஐந்து ரூபாய் நாணயம் 20, இரண்டு ரூபாய் 25, ஒரு ரூபாய் 50. இதில் 500 ரூபாய்த் தாளே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் போணிக்கு வருபவர் அதைத்தான் நீட்டுவார், மீதி கொடுக்கச் சின்னத் தாள்களே வேண்டும். எண்ணிக்கை 2,900 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் 2,900 என்றால் குறிப்பேட்டில் 2,900 என்றே எழுதி, வியாபாரம் தொடங்கும் முன் மேலாளருக்குச் சொல்லுங்கள். சொந்தப் பணம் 100 ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டினால், முந்தின இரவு நடந்த பிழை யாருக்கும் தெரியாமலே போகும்.

பில்லிங் கணினியில் தேதியைச் சரிபார்த்து, ஏதாவது ஒரு பொருளை ஸ்கேன் செய்து விலை வருகிறதா என்று பார்த்து, பேப்பர் ரோல் தீரும் நிலையில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தராசு ஆடாமல் சமமாக நிற்கிறதா, காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள்.

கடைசியாக, பணம் செலுத்தும் கியூஆர் அட்டை. கடையின் அட்டை மேல் வேறொருவருடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி நடப்பதால், ஓரங்களை நகத்தால் தடவிப் பார்த்து, உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்து, திரையில் கடையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெயர் சரியாக இருந்தால் ஒரு ரூபாய் அனுப்பி, கவுண்டரில் உள்ள ஒலிப்பெட்டி அதைச் சொல்கிறதா என்று கேளுங்கள். அது சொல்லாவிட்டால் பெரும்பாலும் சார்ஜ் அல்லது நெட்வொர்க் பிரச்சினைதான். சரியாகும் வரை வாடிக்கையாளரின் திரையை மட்டும் நம்பாமல், கடைக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு கவுண்டர்காரர்களிடமும் சொல்லிவிட்டு, ஷட்டரை முழுதாக ஏற்றுங்கள்.