ஓவன் கதவுக் கண்ணாடியில் படிந்த பழுப்புக் கறை நீங்கியது

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மின் ஓவனில் கிறிஸ்துமஸ் கேக்கும், தேங்காய் எண்ணெய் தடவிய நெய்மீனும் மாறி மாறி வெந்ததில், கதவின் கண்ணாடி பழுப்பேறி உள்ளே எரியும் விளக்கே மங்கலாகத் தெரிந்தது. சூட்டில் இறுகி வார்னிஷ் போலாகிவிட்ட எண்ணெய்ப் படலம் அது. பாத்திரம் கழுவும் சோப்பு அதை அசைக்கவே இல்லை.

பிளக்கைக் கழற்றி, கண்ணாடி முற்றிலும் ஆறியபின் கதவைக் கிடையாகத் திறந்து வைத்து, அரைக் கோப்பை ஆப்பச்சோடாவை மூன்று கரண்டி நீரில் குழைத்து, ஓரத்து ரப்பர் பட்டையில் படாமல் பூசினேன். முதல் முறை மின்விசிறிக் காற்றில் அது ஒரு மணி நேரத்திலேயே காய்ந்து உதிர்ந்தது. கறை அப்படியே இருந்தது. ஈரம் இருக்கும்வரைதான் சோடா வேலை செய்யும் என்பதால், மறுமுறை நனைத்துப் பிழிந்த துணியால் மூடி மூன்று மணி நேரம் விட்டேன். துடைத்தபோது துணியில் தேயிலைச் சாறுபோல் பழுப்பு இறங்கியது.

மிளகளவு கெட்டியாக ஒட்டியிருந்த தெறிப்புகளின்மேல் மட்டும் மீண்டும் பசை வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் தள்ளினேன். கம்பி நாரைத் தொடவே கூடாது; அது விடும் கீறல்கள் சூட்டில் கண்ணாடி உடையக் காரணமாகலாம். கடைசியாக வினிகர் தொட்ட துணியால் வெண்மையான சோடாப் படிவைத் துடைத்தேன்.

விரல் வழுக்கிச் சென்றும் ஒரு மூலையில் இன்னும் பழுப்புக் கோடு தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கிறது. கதவைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது.