பேரியம்-137 ஏன் இரண்டரை நிமிடம் தாமதிக்கிறது? காமா மாற்றத்தின் பல்முனைமையைக் கண்டுபிடிக்கும் முறை

சீசியம்-137 மூலத்தை வைத்து அளவிட்டவர்கள் எல்லோரும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சியைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காமா கதிர் உண்மையில் சீசியத்தினுடையது அல்ல. சீசியம் பீட்டா சிதைவில் பேரியம்-137 ஆகிறது. அந்தப் பேரியத்தின் கிளர்வு நிலைதான் காமாவை வெளியிடுகிறது. அந்த நிலையின் அரை ஆயுட்காலம் 153 வினாடி. பெரும்பாலான கிளர்வு நிலைகள் நானோ வினாடிகூடத் தாங்காதவை. இது மட்டும் இரண்டரை நிமிடம் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 153-ஐத் தேர்வு விதிகளிலிருந்து வரவழைக்க முதன்முறை முயன்றபோது எனக்கு வந்த விடை 5 வினாடி. ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த இடத்தில் நீங்களும் விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தற்சுழற்சி, பாரிட்டி இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்

NuDat தரவுத்தளம் போதும். பாடநூல் படங்களை நம்பி இறங்காதீர்கள்; இடையில் உள்ள நிலைகளை அவை பல நேரம் விட்டுவிடுகின்றன. பேரியம்-137க்கு நமக்கு வேண்டியவை: கிளர்வு நிலை 11/2−, அடி நிலை 3/2+, ஆற்றல் வேறுபாடு 661.66 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.

படி 2: L-இன் எல்லை

ஃபோட்டான் எடுத்துச் செல்லும் கோண உந்தம் L. தற்சுழற்சிகளின் வேறுபாட்டுக்கும் கூட்டுத்தொகைக்கும் இடைப்பட்ட முழு எண்களே அதற்கு அனுமதி. இங்கே 4, 5, 6, 7. சுழியம் வந்தால் தள்ளிவிடுங்கள். கோண உந்தமே இல்லாத ஃபோட்டான் கிடையாது. தற்சுழற்சி 0 உள்ள நிலையிலிருந்து இன்னொரு 0 நிலைக்கு ஒற்றைக் காமா போகவே முடியாததற்கும் இதுவே காரணம்.

படி 3: மின்னா, காந்தமா? (நான் விழுந்த குழி)

E என்றால் மின், M என்றால் காந்தம், கூட வரும் எண் L; இந்தச் சேர்க்கைதான் பல்முனைமை. பெரும்பாலோர் முதலில் படிப்பது E1, M1 இரண்டையும்தான். E1 பாரிட்டியை மாற்றும், M1 மாற்றாது. இதை நான் "பாரிட்டி மாறினால் மின், மாறாவிட்டால் காந்தம்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இங்கே − நிலை + ஆகிறது, பாரிட்டி மாறுகிறது, ஆகவே E4 என்று எழுதிவிட்டேன். தவறு.

மனப்பாடத்தை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. மின் இருமுனை என்பது மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் திசையன். வெளி முழுவதையும் தலைகீழாக்கினால் அதன் குறி மாறும். காந்த இருமுனை வருவது சுழலும் மின்னோட்டத்திலிருந்து, அதாவது இடம், உந்தம் ஆகிய இரண்டின் பெருக்கத்திலிருந்து. தலைகீழாக்கும்போது இரண்டின் குறியும் மாறுவதால் பெருக்கம் அப்படியே நிற்கும். L ஒன்று கூடும்போதெல்லாம் இடத்திசையன் ஒன்று கூடுதலாகச் சேர்கிறது. குறி மறுபடி புரள்கிறது. ஆகவே:

மின்: E1 மாற்றும், E2 மாற்றாது, E3 மாற்றும், E4 மாற்றாது.
காந்தம்: M1 மாற்றாது, M2 மாற்றும், M3 மாற்றாது, M4 மாற்றும்.

பாரிட்டி மாறுகிறது, L = 4 என்றால் விடை M4. L = 5 உடன் E5-உம் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அது M4-ஐவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிந்தது, கண்டுகொள்ள வேண்டாம்.

படி 4: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒற்றை நியூக்ளியான் மட்டும் நிலை மாறுவதாகக் கொள்ளும் வைஸ்கோப் மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறேன். இதற்கென்று இணையக் கணிப்பான்கள் இருக்கின்றன. எனக்கு நாலு வரி பைதான் போதும். எந்தக் குணகத்தைப் போட்டேன் என்பது கண்முன் இருக்கும்.

```python
from math import log
A, E = 137, 0.66166      # E: MeV
lam = 4.5e-6 * A**2 * E**9
print(log(2) / lam)
```

விடை சுமார் 340 வினாடி. ஆற்றலை மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் கொடுக்க வேண்டும், 661.66 என்று இட்டால் விடை 27 பத்தின் அடுக்குகள் சறுக்கிவிடும். அளந்த 153-உடன் ஒப்பிட்டால் இரு மடங்கு வித்தியாசம். இந்த மதிப்பீட்டுக்கு அது மிக நல்ல பொருத்தம். முன்குணகமே நூலுக்கு நூல் 3.3, 4.5 என்று வேறுபடுகிறது. என் பழைய E4 தவறோ 5 வினாடி தந்தது; அளவீட்டிலிருந்து முப்பது மடங்கு விலகல்.

இதே ஆற்றலில் E1 அனுமதிக்கப்பட்டிருந்தால்? ஏறக்குறைய 10⁻¹⁵ வினாடியில் எல்லாம் முடிந்திருக்கும்.

ஏன் இவ்வளவு மெதுவாக?

இந்தக் காமாவின் அலைநீளம் சுமார் 1,870 ஃபெம்டோமீட்டர். பேரியம் அணுக்கருவின் ஆரமோ 6 ஃபெம்டோமீட்டர்தான். அவ்வளவு நீண்ட அலைக்கு அணுக்கரு ஒரு புள்ளி போலத்தான். அதன் உள்ளமைப்பின் நுணுக்கம் அலைக்கு எட்டுவதில்லை. L ஒரு படி கூடும்போது ஆரத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தின் இருபடி ஒருமுறை பெருக்கலில் நுழைகிறது. 2π-ஐச் சேர்த்தால் அது இங்கே சுமார் 1/2300. இன்னும் சில எண் காரணிகளும் சேர்ந்து வேகத்தை மேலும் குறைக்கின்றன. மூன்று படி ஏறினால் நிமிடக் கணக்கில் வந்து நிற்பது புரியும். தற்சுழற்சி வேறுபாடே நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று 1936-இல் சொன்னவர் வைட்ஸேக்கர்.

தற்சுழற்சி 11/2 உள்ள நிலை இவ்வளவு தாழ்வாக வந்து உட்கார்ந்தது எப்படி என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பேரியம்-137-இல் 81 நியூட்ரான்கள்; கூடு நிறையும் மாய எண் 82-க்கு ஒன்று குறைவு. கூடு மாதிரியில், தற்சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு h11/2 மட்டத்தை அடுத்த கூட்டிலிருந்து கீழே இழுத்து, எதிர்ப் பாரிட்டி கொண்ட d3/2, s1/2 ஆகியவற்றின் நடுவே விட்டுவிடுகிறது. காலியிடம் d3/2-இல் இருந்தால் அடி நிலை, h11/2-இல் இருந்தால் நம் கிளர்வு நிலை. இடையில் 283 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு 1/2+ நிலை இருக்கிறது; ஆனால் அதற்கு இறங்க L = 5 வேண்டும், அதுவும் குறைந்த ஆற்றலில். அந்த வழி இன்னும் மோசம். நீண்ட ஆயுள் நிலைகள் 50, 82, 126 ஆகிய மாய எண்களுக்குச் சற்று முன்பாகக் கூட்டமாகக் கிடைப்பதும் இதனால்தான்.

பின்னர் சேர்த்தது

டெக்னீசியம்-99m-க்கு இதே படிகளைப் போட்டுப் பார்த்த வாசகர் ஒருவர், விடை ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு வருவதாக எழுதியிருந்தார். அளந்த மதிப்பு 6 மணிநேரம். அவர் பல்முனைமையைச் சரியாகவே கண்டிருந்தார்: 1/2− நிலையிலிருந்து சற்றுக் கீழே உள்ள 7/2+ நிலைக்கு E3, ஆற்றல் வெறும் 2.17 கிலோ எலக்ட்ரான் வோல்ட். விடுபட்டது அக மாற்றம். அணுக்கரு ஃபோட்டானை வெளியிடாமல், தன் ஆற்றலை நேரடியாக ஓர் எலக்ட்ரானிடம் கொடுத்து அதை வெளியே தள்ளும் வழி அது. K, L கூடுகளின் எலக்ட்ரான்களைப் பிடுங்க 2.17 போதாது, M முதலான வெளிக்கூடுகளிலிருந்துதான் எலக்ட்ரான் போகிறது. இருந்தும் அந்த வழி ஃபோட்டானைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வேகமானது. நான் மேலே கணக்கிட்ட சூத்திரத்துக்கு ஃபோட்டான் வழி மட்டுமே தெரியும்.

குறைந்த ஆற்றலும் உயர்ந்த L-உம் சேர்ந்தால் BrIcc என்ற இணையக் கணிப்பானில் மாற்றக் குணகத்தை, அதாவது அக மாற்றத்துக்கும் ஃபோட்டானுக்கும் உள்ள வேக விகிதத்தை, பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். பேரியத்துக்கு அது 0.11 மட்டுமே. ஆகவே ஒப்பிட வேண்டியது 153-ஐ அல்ல. 153 × 1.11, அதாவது சுமார் 170 வினாடியை. என் முதல் பதிப்பில் இதைச் செய்யவில்லை. விடை அதிகம் மாறாததால் கண்ணில் படவில்லை.

முழுதாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு டான்டலம்-180m. நிலை 9−, சுமார் 77 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அடி நிலை 1+. நடுவே 40 அருகில் ஒரு 2+. எந்த வழியில் இறங்கினாலும் L குறைந்தது 7. அந்த 2+ நிலைக்குப் போவது மின்னா காந்தமா என்பதைப் படி 3-ஐ வைத்து நீங்களே சொல்லுங்கள். அடி நிலையின் அரை ஆயுட்காலம் 8 மணிநேரம்தான். அதற்கு மேலே உள்ள கிளர்வு நிலை சிதைந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அளவீடுகள் வைத்திருக்கும் கீழெல்லை 10¹⁷ ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.