சின்ன யூனிட் முதலாளிக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

திருப்பூரில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பிரிண்டிங் யூனிட்டில் எச்.ஆர். என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார். நீங்கள் கொடுக்கும் தாளை முதலாளியே வாங்கிப் படிப்பார். டேபிளில் வைத்துவிட்டுப் போனால் சாயந்திரம் அவர் வீட்டம்மாவோ மகனோ எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்த மூன்று பேர் பேசித்தான் உங்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவாகும். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்புகிற ரெஸ்யூமையே இங்கேயும் கொடுத்தால் அது எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். பி.காம். முடித்த ஒரு பெண், ஒன்றரை வருடமாக ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். வீடு ஊத்துக்குளி ரோட்டில். பி.என். ரோடு பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கணக்கு வேலை கேட்க நினைக்கிறார்.

1. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"உரிமையாளர் அவர்களுக்கு" என்று பொதுவாக எழுதுவதைவிடப் பெயரைச் சரியாக எழுதுவதே முதல் மரியாதை. பெயரைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு செய்த எந்த இடமும் தன் பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண்ணைப் போட வேண்டும். 15 இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். அதைக் குறித்துக்கொண்டு services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பாருங்கள். தனி ஒருவர் நடத்தும் யூனிட்டாக இருந்தால் Legal Name of Business என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயரே வரும். கடைப் பெயர் Trade Name என்று தனியாக இருக்கும்.

அந்த எண்ணின் ஆறாவது எழுத்தையும் பாருங்கள். P என்றால் தனி ஒருவர் பெயரில் இருக்கிறது, F என்றால் பார்ட்னர்ஷிப். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் யூனிட்டுகள் பல இந்த இரண்டாவது வகையில் வரும்.

ஒரு எச்சரிக்கை. பதிவு மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கும், நடத்துவது வேறொருவராக இருக்கும். ஆகவே தளத்தில் பார்த்த பெயரை அப்படியே எழுதிவிடாமல், பக்கத்து டீக்கடையிலோ அங்கே பீஸ் கொண்டு போகிறவர்களிடமோ "ஆபீசை யார் பார்த்துக்கிறாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இனிஷியலும் தப்பக் கூடாது.

2. அவருக்கு எங்கே வேலை இழுக்கிறது என்று யோசியுங்கள்

கடிதத்தின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பிரிண்டிங் யூனிட்டுக்கு வெட்டிய துணி, அதாவது கட் பீஸ், பார்ட்டியிடமிருந்து டெலிவரி சலானில் வரும். எல்லோரும் டிசி என்றுதான் சொல்வார்கள். பிரிண்ட் அடித்து அதே பீஸ் இன்னொரு டிசியில் திரும்பிப் போகும். பில் அதற்கு அப்புறம்தான். ஒரே பார்ட்டிக்கு வாரத்தில் நான்கைந்து டிசி போயிருக்கும், பில் மொத்தமாக ஒன்று போடுவார்கள். நடுவில் ஒரு டிசி பில்லில் ஏறாமல் விட்டுப்போகும். ஆயிரம் பீஸ் வந்ததில் சிலது டேமேஜ் ஆகியிருக்கும், பார்ட்டி அதற்குக் கழித்துக்கொண்டு பணம் அனுப்புவார், எதற்குக் கழித்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. முதலாளி பகலெல்லாம் மெஷினுக்கும் பார்ட்டிக்கும் நடுவே ஓடிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து டிசி புக்கைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஆடிட்டர் ஆபீசில் இருந்த பெண்ணுக்கு இது தெரிந்த விஷயம். டிசியையும் பில்லையும் வைத்து ஒத்துப் பார்க்கும் வேலையை அவர் தினமும் செய்தவர். "எனக்கு டேலி தெரியும்" என்று எழுதுவதைவிட இந்த ஒரு வேலையைச் சொன்னால் முதலாளிக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் தேவை. "உங்கள் கணக்கு ஒழுங்காக இருக்காது, நான் வந்து சரி செய்கிறேன்" என்ற தொனி எங்கேயும் வந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கை இத்தனை வருடமாக எழுதியவர் அவர் மனைவியாக இருக்கலாம். கடிதத்தைப் படிப்பவரும் அவரேதான். உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்லுங்கள், அவர்களிடம் என்ன குறை என்று சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. ஆடிட்டர் ஆபீசில் எந்தெந்தக் கம்பெனிக் கணக்கைப் பார்த்தீர்கள் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள். அனுபவத்தைக் காட்டும் என்று நினைப்போம். படிக்கிற முதலாளிக்கு, "நாளைக்கு நம்ம கணக்கையும் இப்படித்தானே வெளியே சொல்லும்" என்று தோன்றும். சின்னத் தொழிலில் கணக்குக்கு ஆள் எடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் பெரிய பயமே இதுதான்.

3. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

தமிழில் எழுதலாம், முதலாளி தினமும் பேசுவது தமிழ்தானே. கையெழுத்து நன்றாக இருந்தால் கையால் எழுதுங்கள். கணக்கு வேலைக்கு அதுவே ஒரு சாட்சி. மாதிரி இதோ:

> மதிப்பிற்குரிய (பெயர்) ஐயா அவர்களுக்கு,
>
> வணக்கம். என் பெயர் (பெயர்). ஊத்துக்குளி ரோட்டில் குடியிருக்கிறேன். உங்கள் யூனிட்டில் கணக்கு வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வரத் தயாராக இருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.
>
> பி.காம். முடித்து, ஒன்றரை வருடமாக ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். டேலியில் பில் என்ட்ரி, பேங்க் ஸ்டேட்மென்ட் ஒத்துப் பார்ப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு விவரம் எடுப்பது இவற்றைத் தனியாகச் செய்வேன். ரிட்டர்ன் தாக்கல் செய்வதை மட்டும் இதுவரை ஆடிட்டர் சார் பார்க்கத்தான் செய்திருக்கிறேன்.
>
> ஜாப் ஒர்க் கணக்கில் டிசியையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பது எனக்கு நல்ல பழக்கம். எந்த டிசிக்கு இன்னும் பில் போடவில்லை, எந்தப் பில்லுக்குப் பணம் வரவில்லை என்று வாரம் ஒரு தடவை ஒரே தாளில் எடுத்துக் கொடுக்க முடியும்.
>
> என் பெரியம்மா மகன் உங்கள் யூனிட்டுக்குப் பீஸ் கொண்டு வருவார். சொன்ன நாளில் பீஸ் கைக்கு வந்துவிடும் என்று அவர் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.
>
> காலை ஒன்பது முதல் மாலை ஏழு மணி வரை இருக்க முடியும். என்னைப் பற்றி ஆடிட்டர் சாரிடம் விசாரிக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் நம்பரைக் கீழே கொடுத்திருக்கிறேன்.
>
> நீங்கள் நேரம் சொன்னால் நேரில் வந்து பார்க்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், போன் நம்பர்)

இந்தக் கடிதத்துக்கு உயிர் கொடுப்பது நான்காவது பத்தி. அதில் இருக்கிற பாராட்டு பெரியது இல்லை, ஆனால் அந்த யூனிட்டுக்கு மட்டுமே பொருந்துகிறது. "புகழ்பெற்ற உங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு" என்று எழுதினால் அதை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம், அது அவருக்கும் தெரியும். அந்த இடத்தைப் பற்றி உண்மையாக நீங்கள் கேட்டது, பார்த்தது ஒன்றே ஒன்று இருந்தால் போதும். எதுவுமே இல்லையென்றால் "வீட்டுக்குப் பக்கம், நீண்ட நாள் ஒரே இடத்தில் வேலை பார்க்க நினைக்கிறேன்" என்று உள்ளதை எழுதுங்கள். வேலை கற்றுக்கொண்டு ஆறு மாதத்தில் போய்விடுவார்களோ என்ற கவலை உள்ளவருக்கு அதுவும் நல்ல செய்திதான்.

இரண்டாவது பத்தியின் கடைசி வரியும் முக்கியம். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் பெரிய கம்பெனியில் இன்டர்வியூவில் தெரியவரும். இங்கே முதல் மாதமே அபராதத்தில் தெரியவரும், அது முதலாளியின் சொந்தக் காசு.

மரியாதை என்றால் குனிவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "தயைகூர்ந்து கருணை காட்டி" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். வேலை தெரிந்த ஒருவர், வேலை கொடுப்பவரிடம் நேராகக் கேட்கிறார், அவ்வளவுதான். "ஐயா" என்று தொடங்கி, உள்ளே முழுக்க "நீங்கள்" என்று எழுதினாலே போதும். பெண் நடத்தும் யூனிட் என்றால் "அம்மா அவர்களுக்கு". "அண்ணா" என்று கூப்பிடுவது பழகிய பிறகு.

ஊர், தெரு, யார் மூலம் தெரியும் என்பதெல்லாம் எழுதலாம். சாதியைக் காட்டும் எதையும் எழுதாதீர்கள். நேரில் யாராவது சுற்றி வளைத்துக் கேட்டாலும், இருக்கும் தெருவையும் படித்த பள்ளியையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

சம்பளத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் பேசுவதுதான் வழக்கம். அப்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றியும் கேளுங்கள். இ.எஸ்.ஐ. பத்துப் பேர் இருந்தால் வரும், பி.எஃப். இருபது பேராவது இருந்தால்தான் கட்டாயம். பல சின்ன யூனிட்டுகளில் பி.எஃப். இருக்காது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு சம்பளம் பேசுங்கள்.

4. நேரம் பார்த்து, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்

சனிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு வாரச் சம்பளம் போடும் நாள், காசைத் தவிர வேறு எதிலும் கவனம் இருக்காது. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் யூனிட் என்றால் 11, 20 தேதிகளை ஒட்டியும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் போனஸ் பேச்சில் போய்விடும். செவ்வாய் அல்லது புதன், மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் போனால் ஆபீசில் ஆள் நிதானமாக இருப்பார்கள்.

வாசலில் செக்கிங் செய்யும் அக்காவோ சூப்பர்வைசரோ இருந்தால் அவர்களிடமும் அதே மரியாதையோடு விஷயத்தைச் சொல்லுங்கள். "ஒரு பொண்ணு வந்துச்சு, நல்லாப் பேசுச்சு" என்று அவர்கள் சொல்வது முதலாளியிடம் கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேரும். முதலாளி இருந்தால் இரண்டு நிமிடம் நின்று கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். டிகிரி சர்டிஃபிகேட் நகலை ஃபைலில் வைத்திருங்கள், கேட்டால் மட்டும் எடுங்கள்.

5. ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு போன்

"சொல்றேம்மா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதை மறுப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சம்மதமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் பேசாமல் அவர் சொல்ல மாட்டார். ஒரு வாரம் கழித்து, பதினோரு மணிக்கு மேல் ஒரு போன்: "ஐயா, போன வாரம் கணக்கு வேலைக்கு லெட்டர் கொடுத்தேன், ஊத்துக்குளி ரோட்டிலிருந்து பேசுகிறேன். ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?" தினமும் வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்பி ஞாபகப்படுத்த வேண்டாம்.

"இப்ப ஆள் இருக்கு" என்றால் நன்றி சொல்லிவிட்டு, "வேறு யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள் ஐயா" என்று தயங்காமல் கேளுங்கள். பிரிண்டிங்காரருக்கு எம்பிராய்டரி யூனிட்டையும் தெரியும், காம்பேக்டிங் வைத்திருப்பவரையும் தெரியும். அவர்களில் ஒருவர் வீட்டில் யாராவது இப்போதும் ராத்திரி உட்கார்ந்து டிசி புக்கைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.