ஜப்பானுக்கு மாத்திரை கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

டோக்கியோவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க இங்கிருந்து கிளம்பும் அப்பா அம்மாக்கள், மூன்று மாத விசா என்றால் மூன்று மாதத்துக்கும் சேர்த்து மாத்திரை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் ஒரு மாதத்துக்கான அளவு வரைதான் ஜப்பானுக்குள் கொண்டுபோகலாம். சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் சாதாரண மருந்துகளுக்கு இரண்டு மாத அளவு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுகிற மாத்திரைதானே, இதில் என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். போதை மருந்துக்கு மட்டுமான விதி அல்ல இது, மெட்பார்மினுக்கும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பாவுக்கு டெல்மிசார்டன் தினம் ஒன்று, மெட்பார்மின் தினம் இரண்டு. ஒரு மாதத்துக்கு முறையே 30, 60. தொண்ணூறு நாள் தங்கப்போகிறார் என்றால் 90, 180 தேவை. அப்போது யுன்யூ காக்குனின் ஷோ என்ற இறக்குமதி உறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் தருகிறது. டோக்கியோவின் விமான நிலையங்களான நரிட்டா, ஹனேடா இரண்டுக்கும் கான்டோ ஷின்எட்சு அலுவலகம். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. Yunyu Kakunin-sho என்று தேடினால் அமைச்சகத்தின் பக்கம் கிடைக்கும்.

விண்ணப்பத்தோடு டாக்டர் சீட்டு, மருந்தைப் பற்றிய விவரம், பயணத் தேதி தெரியும் டிக்கெட் நகல் எல்லாம் போக வேண்டும். அதனால் டிக்கெட் போட்ட கையோடு இதையும் ஆரம்பிப்பது நல்லது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஞாபகம் வந்தால் கஷ்டம்தான். சான்றிதழ் வந்ததும் பிரின்ட் எடுத்து, மருந்தோடு சேர்த்து சுங்கத்தில் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதை உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் அங்கே டாக்டரைப் பார்த்து, இன்சூரன்ஸ் இல்லாத பார்வையாளராக முழுப் பணமும் கட்டி மருந்து வாங்க வேண்டியதுதான்.

டாக்டர் சீட்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் நிறையச் சறுக்குகிறார்கள். மருந்துக் கடை பில் சீட்டாகாது. கையெழுத்துப் புரியாத ஓ.பி. சீட்டும் உதவாது. ‘க்ளைகோமெட் ஜிபி 1’ என்று பிராண்டு பெயரை மட்டும் எழுதியிருந்தால், சென்னையில் தெரிந்த பெயர் நரிட்டாவில் தெரிய வேண்டியதில்லை. அதில் இருப்பது கிளிமிபிரைடும் மெட்பார்மினும். அந்த மூலப்பெயர்களும் மில்லிகிராமும் ஒரு நாளைக்கு எத்தனை என்பதும் ஆங்கிலத்தில் டைப் செய்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போட்டு, டாக்டர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். ‘தேவைப்பட்டால்’ போடும் மாத்திரை என்றால் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்பதையும் எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் ஒரு மாத அளவை யாரும் கணக்கிட முடியாது. இடத்தை மிச்சப்படுத்த பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

இன்சுலின் பேனாவும் ஒரு மாத விதிக்குள்தான் வருகிறது.

அடுத்தது, அடுத்தவருக்காகக் கொண்டுபோவது. “எங்க பையனுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துடுங்க” என்று பக்கத்து வீட்டில் நீட்டினால் சங்கடப்படாமல் மறுத்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதி. கணவன் மனைவி என்றாலும் அவரவர் மருந்துக்கு அவரவர் கணக்கு.

சரி, மீதியைப் பிறகு கூரியரில் அனுப்பிக்கொள்ளலாமா? தபாலில் வருவதற்கும் இதே அளவு விதிகள்தான். கடுமையான வலி மாத்திரை என்றால் ஆபத்தே. 2015 ஜூனில் டொயோட்டாவின் உயர் அதிகாரி ஜூலி ஹாம்ப் டோக்கியோவில் கைதானது, அமெரிக்காவிலிருந்து அவருக்குப் பார்சலில் வந்த ஆக்ஸிகோடோன் மாத்திரைகளால்தான். ஜூலையில் வழக்கில்லாமல் விடுவித்தார்கள், ஆனால் வேலை போய்விட்டது. மார்பின், பென்டனில், ஆக்ஸிகோடோன் போன்றவற்றுக்கு யுன்யூ சான்றிதழ் போதாது. போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம் தனி அனுமதி வேண்டும், கொண்டுவரவும் திரும்ப எடுத்துப்போகவும். அதைத் தபாலில் வரவழைக்க முடியாது, நோயாளியே கையோடு கொண்டுவர வேண்டும்.

ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குச் சில மருந்துகள் வெளிநாட்டில் ஆம்பெட்டமின் வகையில் தரப்படுகின்றன. அமெரிக்காவிலிருந்து ஜப்பான் போகும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: ஆடரால் போன்றவற்றை எந்த டாக்டர் சீட்டு இருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஜலதோஷ மாத்திரையிலும் சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. பட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், கிளம்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.